இன்ஸ்பெக்டர் எந்த ஊருக்கு வருவார்?

ஜே. பி. பிரீஸ்ட்லியின் 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகத்தைத் தமிழில் போட நினைக்கிற குழுவுக்கு முதலில் வரும் ஆசை, "பெயரை மாற்றிவிட்டால் போதும், கதை அப்படியே நம்ம ஊர்க் கதை" என்பதுதான். பாதி உண்மை. பணக்கார மில் முதலாளி, மனைவி, மகள், மகன், வரப்போகும் மாப்பிள்ளை, வாசலில் ஒரு போலீஸ்காரர், செத்துப்போன ஏழைப் பெண். இதில் எதுவும் நமக்கு அந்நியமில்லை. ஆனால் பெயரை மாற்ற உட்கார்ந்த முதல் நாளே கேள்விகள் வரிசைகட்டும். முதலாளி எந்த ஊர், எந்தச் சமூகம்? வருஷம் என்ன? நிச்சயதார்த்த வீட்டில் மாப்பிள்ளையின் அப்பா அம்மா எங்கே போனார்கள்?

கதைச் சுருக்கம், தெரியாதவர்களுக்காக. 1912, வசந்தகாலம், பிரம்லி என்ற கற்பனையான ஆலை நகரம். பர்லிங் குடும்பம் மகள் ஷீலாவின் நிச்சயதார்த்த விருந்தில் இருக்கிறது. மாப்பிள்ளை ஜெரால்டு, இவர்களைவிடப் பெரிய ஆலைக் குடும்பத்துப் பையன். கூல் என்று ஓர் இன்ஸ்பெக்டர் வருகிறார். ஈவா ஸ்மித் என்ற பெண் விஷம் குடித்து இறந்துவிட்டாள் என்கிறார். கூலி உயர்வு கேட்டதற்காக அவளை வேலையைவிட்டு நீக்கியவர் அப்பா. அடுத்து அவள் சேர்ந்த துணிக்கடையில் புகார் சொல்லி வேலையைப் பறித்தவள் மகள். பெயரை மாற்றிக்கொண்டு மதுக்கூடத்தில் திரிந்தவளை வைத்திருந்து கைவிட்டவன் மாப்பிள்ளை. கர்ப்பமாக்கியவன் மகன். உதவி கேட்டு வந்தவளை விரட்டியவர், மாதர் அறக்கட்டளைத் தலைவியாக இருந்த அம்மா. இன்ஸ்பெக்டர் போன பிறகு அப்படியொரு இன்ஸ்பெக்டரே ஊரில் இல்லை என்று தெரிகிறது. ஆஸ்பத்திரியில் விசாரித்தால் அப்படியொரு பிணமும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விடும்போது போன் அடிக்கிறது. இப்போதுதான் ஒரு பெண் இறந்திருக்கிறாள், விசாரிக்க ஓர் இன்ஸ்பெக்டர் வந்துகொண்டிருக்கிறார்.

நம் நாடக மரபில் இந்த வேலைக்கு முன்னோடி பம்மல் சம்பந்த முதலியார். சுகுண விலாச சபாவுக்காக ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' என்றும், மக்பெத்தை 'மகபதி' என்றும், வெனிஸ் வணிகனை 'வாணிபுர வணிகன்' என்றும் மாற்றினார். மூலப்பெயரின் ஓசை காதில் மிஞ்சும்படி தமிழ்ப்பெயர் வைக்கும் அவருடைய உத்தி இன்றைக்கும் ரசிக்கத்தக்கது. ஆனால் அவருக்கு ஒரு வசதி இருந்தது. ராஜா, ராணி, அரண்மனைச் சதி எல்லாம் டென்மார்க்கிலும் உண்டு, நம் கதைகளிலும் உண்டு. ஊரை மாற்றினால் கதை கூடவே வந்துவிடும். பிரீஸ்ட்லி அப்படி வரமாட்டார். இங்கே கதை தொங்குவதே பழக்கவழக்கம் என்ற ஆணியில். மோதிரம், மது, டெலிபோன், கடைப்பெண், குடும்பப்பெயர். இவற்றில் ஒன்றைப் பிடுங்கினால் சுவரில் இருக்கிற படம் விழுந்துவிடும். அதனால் ஊரைத் தேர்வு செய்வதற்கு முன் எந்த ஆணிகள் சுமை தாங்குகின்றன என்று பார்க்க வேண்டும்.

என் கணக்கில் சுமை தாங்குபவை மூன்று. முதலாவது, பர்லிங்கின் வாய்ச்சவடால். விருந்தில் எழுந்து நின்று, போர் வராது, அடுத்த வாரம் புறப்படும் டைட்டானிக் மூழ்கவே மூழ்காது, முதலாளி தொழிலாளி தகராறெல்லாம் ஓய்ந்துவிடும் என்று பேசுகிறார். நாடகம் எழுதப்பட்டதும் முதலில் மேடையேறியதும் 1945 வாக்கில். பார்வையாளர்கள் இரண்டு போர்களைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள். அவர் வாயைத் திறந்த ஐந்தாவது நிமிடத்திலேயே இந்த மனிதரின் தீர்ப்பு எதையும் நம்பக்கூடாது என்று சபைக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது, அந்தப் பெண்ணின் சங்கிலி: ஆலை, கடை, மதுக்கூடம், வீடு, அறக்கட்டளை. ஒவ்வொரு கண்ணியும் அந்த ஊரில், அந்த வருஷத்தில் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவது, சரிபார்ப்பதில் உள்ள தாமதம். இன்ஸ்பெக்டர் புகைப்படத்தை ஒரே நேரத்தில் ஒருவருக்கு மட்டும் காட்டுகிறார். அவர் யார் என்று விசாரிக்க யாருக்கும் உடனே தோன்றவில்லை, வசதியும் இல்லை. கடைசி அங்கத்தின் இரண்டு திருப்பங்களும் இந்தத் தாமதத்தில்தான் நிற்கின்றன.

இனி வழிகள் நான்கு. பிரம்லியை அப்படியே வைத்து வசனத்தை மட்டும் தமிழாக்குவது, 1914 சென்னை, இன்றைய திருப்பூர், 1964 கோயம்புத்தூர்.

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கோட்டு சூட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள் தமிழ் பேசினால் சிரிப்பார்கள் என்ற பயம் தேவையற்றது. தொலைக்காட்சியில் டப்பிங் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. மூன்று ஆணிகளும் அசையாமல் இருக்கும். ஆங்கில இலக்கிய மாணவர்களுக்காகக் கல்லூரியில் போடுவதென்றால் இதுவே சரி. ஆனால் இந்த நாடகத்தின் வேலை, பார்ப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது. பிரம்லியில் நடக்கும்வரை "வெள்ளைக்காரன் அப்படித்தான்" என்று நம்மவர் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். அந்த நிம்மதியைக் கெடுக்கத்தானே ஊர் மாற்றுகிறோம்?

1914 சென்னையில் ஆசை காட்டுவது எம்டன். ஜூலை மாதம் ஒரு சென்னை வியாபாரி, "ஐரோப்பாவில் சண்டை வராது, வந்தாலும் நம்ம கடற்கரைக்கா வரப்போகிறது?" என்று சொன்னால் போதும். அந்த ஆண்டு செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது சபைக்குத் தெரியும். டைட்டானிக்குக்கு இணையாக இதைவிடப் பொருத்தமான வரி கிடைப்பது கஷ்டம். பெரிய வீடுகளில் டெலிபோனும் வந்துவிட்டது. சர் பட்டத்துக்கு ஏங்கும் பர்லிங்கை ராவ் பகதூர் பட்டத்துக்கு ஏங்க வைக்கலாம். இதெல்லாம் தானாகவே வந்து உட்காரும்.

சங்கிலிக்கு வந்தால்தான் சங்கடம். 1914 சென்னையில் துணிக்கடையில் வேலை செய்யும் பெண் கிடையாது. மாதர் சங்கம் என்ற அமைப்பும் அரிது; இந்திய மாதர் சங்கமே 1917இல்தான் அடையாற்றில் தொடங்கியது. தொழிற்சங்கம் 1918இல். மூன்று கண்ணிகளுக்கு ஆதாரம் இல்லாதபோது எழுதுபவர் என்ன செய்வார்? அந்தக் கால மேடையில் தயாராக இருந்த ஓர் உருவத்தை எடுத்து ஈவாவுக்குப் பதிலாக நிறுத்துவார்: தாசி. அந்த நிமிடமே நாடகம் வேறாகிவிடும். ஆலைக் கூலிக்காக வாயைத் திறந்த பெண் என்பது போய், பெரிய வீட்டுப் பிள்ளைகளைக் கெடுத்தவளா கெட்டவளா என்ற பழைய வழக்கில் சபை தீர்ப்புச் சொல்ல ஆரம்பிக்கும். அப்பா செய்த முதல் குற்றம் மறந்தே போகும். எம்டனுக்காக இவ்வளவு விலை கொடுக்கக்கூடாது.

இன்றைய திருப்பூர் இதற்கு நேர் எதிர். சங்கிலி இரும்பு மாதிரி இருக்கும். பனியன் கம்பெனியில் கூலி கேட்ட பெண். அடுத்து பெரிய ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ள். கடையில் நாள் முழுக்க நின்றே வேலை செய்தவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தமே வந்தது. ஷீலா ஒரு புகார் கொடுத்தால் அந்தப் பெண்ணின் வேலை அன்றைக்கே போகும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டாம். வாய்ச்சவடாலுக்கும் ஒரு நல்ல தேதி இருக்கிறது: 2020 பிப்ரவரி. "வியாதி சீனாவுக்குத்தான். அவன் ஆர்டரெல்லாம் இனி நமக்கு" என்று ஓர் ஏற்றுமதியாளர் விருந்தில் பேசட்டும். அடுத்த மாதம் ஊரடங்கு, தண்டவாளத்தில் நடந்த தொழிலாளிகள் எல்லாம் சபையின் கண்முன் வந்துபோகும். நான்கு வழிகளிலும் மிகச் சுடச்சுட அமையும் பேச்சு இதுதான்.

ஆனால் மூன்றாவது ஆணி பிடுங்கிக்கொள்கிறது. ஆறு பேர் இருக்கிற அறையில் ஆறு செல்போன். இன்ஸ்பெக்டர் பெயரைச் சொன்ன மறுநிமிடம் மகன் மேசைக்கடியில் தேடிவிடுவான். அப்பா வக்கீலைக் கூப்பிடாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். புகைப்படத்தை ஒருவருக்கு மட்டும் காட்டினால் மற்றவர், "எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்க" என்பார். இதைச் சமாளிக்கக் கரண்ட் போய்விட்டது, டவர் இல்லை என்று எழுதினால் சபை சிரிக்கும். திருப்பூரில் முதலாளி வீட்டில் டவர் இல்லையாம்! இந்த வழியில் போக விரும்புபவர் கடைசி அங்கத்தைப் புதிதாகவே எழுத வேண்டும். எழுதலாம், நன்றாகவும் வரலாம். ஆனால் கதையை வைத்துக்கொண்டு ஊரை மாற்றுகிறேன் என்று ஆரம்பித்தவர் கதையையே மாற்றியிருப்பார். பிரீஸ்ட்லியே தன் காலத்தைவிட்டு முப்பது வருஷத்துக்கு மேல் பின்னால் போய்த்தான் கதையை வைத்தார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

கோயம்புத்தூர், 1964 டிசம்பர். என் ஓட்டு இதற்குத்தான். ஓசியில் கிடைத்த பொருத்தம் இல்லை இது, நிறையத் தைக்க வேண்டியிருக்கிறது.

பைக்காரா மின்சாரம் 1930களில் வந்த பிறகு பஞ்சாலைகளால் பெருத்த ஊர். ரீலிங், வைண்டிங் பிரிவுகளில் பெண்கள் வேலை பார்த்தார்கள். பெரிய வீட்டில் ஒரே ஒரு டெலிபோன், அதுவும் ஹாலில். முதல் அங்கத்தின் பேச்சுக்குத் தனுஷ்கோடி இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலில் போனது, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பாம்பன் பாலம் சிதைந்தது, ஊரே அழிந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு மில் முதலாளி மாப்பிள்ளையிடம் இப்படிப் பேசலாம்:

"கல்யாணம் முடிஞ்சதும் ராமேஸ்வரம் போயிட்டு வந்துருங்க மாப்பிள்ளை. தனுஷ்கோடியில ரயிலு நேரா கடல் வரைக்கும் போகுது. இறங்குனா கப்பல். பாம்பன் பாலம் கட்டி அம்பது வருசமாச்சு, ஒரு ஆணி அசைஞ்சிருக்கா? காத்துக்கும் மழைக்கும் போற பாலமா அது? அரசாங்கமும் அப்படித்தான். மேடையில அடுக்குமொழி பேசுறவனெல்லாம் கோட்டைக்குப் போயிருவானா? இன்னும் அம்பது வருசத்துக்குக் காங்கிரஸ்தான். எழுதி வச்சுக்கங்க."

1914இல் திறந்த பாலத்துக்கு அப்போது சரியாக ஐம்பது வயது. அந்தக் காங்கிரஸ் ஆட்சிக்கு மீதி இருந்தது இரண்டரை வருஷத்துக்கும் குறைவு. 1967 மார்ச்சில் அண்ணா முதலமைச்சர். சர் பட்டத்துக்குப் பதில் மேலவை உறுப்பினர் பதவி. அப்போது சட்ட மேலவை இருந்தது, அந்த இடத்துக்கு ஆளும் கட்சியின் தயவு வேண்டும், போலீஸ் வழக்கில் பெயர் அடிபட்டால் தயவு போகும். மூலத்தில் பர்லிங்குக்கு இருக்கிற அதே நடுக்கம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, அவசரக்காரர்கள் காலை விடுவார்கள். டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறந்துவிடும். மார்கழியில் எந்த வீட்டில் நிச்சயம் வைப்பார்கள்? அதனால் விருந்து கார்த்திகைக் கடைசியில், டிசம்பர் இரண்டாவது வாரத்தில் நடந்தாக வேண்டும். நல்லவேளையாக மூலத்திலும் டைட்டானிக் "அடுத்த வாரம்"தான் புறப்படுகிறது. தேதி தானாகவே பொருந்துகிறது. "மார்கழி பிறக்கறதுக்குள்ள பேசி முடிச்சுரணும்னுதான் அவசரம்" என்று அம்மா ஒரு வரி சொன்னால், நாள் கணக்கும் சபைக்குப் போய்விடும்.

அடுத்தது விருந்து மேசை. மூலத்தில் ஜெரால்டின் பெற்றோர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், வாழ்த்துத் தந்தி மட்டும் வருகிறது. மாப்பிள்ளை தனியாக வந்து பெண் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். 1964 கோவையில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இல்லாமல் நிச்சயம் கிடையாது; அவர்கள் மேடையில் இருந்தால் நாடகம் கிடையாது. நான் பார்த்தவரை இதற்குச் சுத்தமான தீர்வு ஒன்றுதான்: ஜெரால்டை முறைமாப்பிள்ளை ஆக்கிவிடுவது. முதலாளியின் அக்கா மகன். காலையில் தாம்பூலம் மாற்றியாயிற்று, பெரியவர்கள் ஊருக்குப் புறப்பட்டாயிற்று, பையன் மட்டும் மாமன் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குத் தங்கியிருக்கிறான். யாரும் புருவம் உயர்த்தமாட்டார்கள். "எங்க அண்ணன் வீட்டைவிடப் பெரிய இடம் கிடைச்சிருக்கும்" என்று மாப்பிள்ளையின் அம்மாவை நினைக்க வைக்கலாமா என்றால், அக்கா என்பதைத் தங்கை என்று மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய மில்லுக்கு வாழ்க்கைப்பட்ட தங்கைக்கு அண்ணன் குடும்பம் கொஞ்சம் இளக்காரம்தான். மூலத்தில் ஜெரால்டின் அம்மாவான லேடி கிராஃப்டின் மனக்குறை அப்படியே வந்து உட்கார்ந்துவிடும்.

ஆனால் இந்த மாற்றம் வேறொன்றைக் கனமாக்குகிறது. மூலத்தில் ஷீலா மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கிறாள். கடைசியில் ஜெரால்டு மறுபடி நீட்டும்போது, இப்போது வேண்டாம், யோசிக்க வேண்டும் என்கிறாள். இருவருக்கிடையிலான பொருள், ஒருவர் கொடுக்கலாம், ஒருவர் வாங்கலாம். தாம்பூலம் குடும்பங்களுக்கிடையிலானது. பெண்ணே எழுந்து தாம்பூலத் தட்டை எடுத்து அத்தை மகன் முன் வைத்தால், அவள் முறிப்பது ஒரு கல்யாணத்தை மட்டும் இல்லை, அப்பாவுக்கும் அவர் தங்கைக்கும் இருக்கிற உறவையும் சேர்த்து. இந்தக் கனம் நாடகத்துக்கு நல்லதா? நல்லது என்றே நினைக்கிறேன், அழுது வடியாமல் நடித்தால். தட்டு முதல் காட்சியிலிருந்தே பூ, பழம், புடவையோடு நடுக்கூடத்தில் இருக்கட்டும். அவள் அதைத் தூக்கும்போது வசனமே வேண்டாம். மோதிரம் மாற்றும் வழக்கமுள்ள கிறிஸ்தவக் குடும்பமாக வைத்துவிடலாமே என்று ஒரு யோசனை வரும். அப்படி வைத்தால் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் "அவங்க வீட்டுக் கதை" என்று ஒதுங்கிக்கொள்வார்கள்.

மதுவுக்கு வருவோம். மூலத்தில் முதல் காட்சியே போர்ட் ஒயின் ஊற்றுவதுதான். மகன் எரிக் குடிகாரன் என்பது கொஞ்சம் கொஞ்சமாக வெளிவருவது கதையின் முக்கிய நூல். சென்னை மாகாணத்தில் 1948இலிருந்து 1971 வரை மதுவிலக்கு. மதுக்கூடம் என்ற இடமே இல்லை. பலரும் இந்த இடத்தில் 1964ஐக் கைவிட்டுவிடுவார்கள். எனக்கு இது கிடைத்த வரமாகத் தெரிகிறது. வைத்தியர் சீட்டு வாங்கிப் பர்மிட் வைத்திருப்பவர் அப்பா. பாட்டில் பூட்டிய அலமாரியில். சாவி அம்மாவின் கொத்தில். மகன் திருட்டுத்தனமாகக் குடிக்கிறான். போலீஸ்காரர் உள்ளே வந்ததும் மேசையிலிருக்கும் கண்ணாடித் தம்ளர்களை என்ன செய்வது என்று நல்ல குடும்பம் தவிக்கிற தவிப்பு, ஒரு வரி வசனம் இல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடும். மூலத்தில் இன்ஸ்பெக்டருக்கு மது நீட்டுகிறார்கள், கடமையில் இருக்கிறேன் என்று மறுக்கிறார். இங்கே மோர் நீட்டட்டும். அவர் பார்வை அலமாரிமேல் ஒரு விநாடி நிற்கட்டும்.

மதுக்கூடம் இல்லாததால் மூன்றாவது கண்ணியை வேறு இடத்தில் கோக்க வேண்டும். கோவை, சென்ட்ரல், பட்சிராஜா என்று ஸ்டூடியோக்கள் ஓடிய ஊர். 1964இல் அந்தக் கூட்டமெல்லாம் சென்னைப் பக்கம் போய்விட்டிருந்தாலும், சினிமா ஆசையும் ஊருக்கு ஊர் நாடகக் கம்பெனியும் மிச்சம் இருந்தன. வேலை போன பெண் துணை நடிகையாகச் சேர்கிறாள். சேர்ந்ததும் புதுப்பெயர் வைக்கிறார்கள். ஈவா ஸ்மித் 'டெய்சி ரென்டன்' ஆனதற்கு மூலத்தில் இருப்பதைவிட இயல்பான காரணம் இது. மில் வேலைக்கு ஒரு பெயர், மேடைக்கு ஒரு பெயர், இரண்டும் வெவ்வேறு பெண்களாக இருக்கலாமோ என்று கடைசியில் மாப்பிள்ளை வாதாடுவதற்கும் இடம் கிடைக்கிறது.

ஷீலாவின் கண்ணிதான் கையைக் கடிக்கும். அன்றைய ஜவுளிக்கடையில் மெத்தையில் உட்கார்ந்து புடவை விரித்தவர்கள் ஆண்கள். அங்கே ஒரு விற்பனைப் பெண்ணை நிறுத்தினால் வயதானவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பெண்களுக்கு மட்டும் தைக்கும் தையற்கூடம் என்று மாற்றினால் சரிவரும். பட்டு ரவிக்கைக்கு அளவெடுக்கும் பெண், தனக்குப் பொருந்தாத நிறத்தை மேலே வைத்துக் கண்ணாடி பார்க்கும் பெரிய வீட்டுப் பெண்ணைப் பார்த்து லேசாகச் சிரித்துவிடுகிறாள். "இனி எங்க வீட்டுத் துணி ஒண்ணுகூட இங்க வராது" என்று ஒரு மிரட்டல், வேலை காலி. காரணத்தின் அற்பத்தனம் மூலத்தில் எவ்வளவோ அவ்வளவே இங்கும் இருக்க வேண்டும். பெரிதாக்கிவிடாதீர்கள், திருட்டுப் பழி, நகை காணோம் என்றெல்லாம் போனால் ஷீலா வில்லியாகிவிடுவாள், பிறகு அவள் மனம் மாறுவதை யாரும் நம்பமாட்டார்கள்.

அம்மாவின் காட்சியில் பெயர்ச் சிக்கல். அறக்கட்டளைக்கு வந்த பெண் தன்னை 'மிஸஸ் பர்லிங்' என்று சொல்லிக்கொள்கிறாள்; அந்தத் திமிருக்காகவே அம்மா கதவைச் சாத்துகிறார். தன் மகனே காரணம் என்று அவருக்குத் தெரியாது. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. கணவன் பெயரைச் சொன்னால் அது மகன் பெயராகிவிடும், முடிச்சு அப்போதே அவிழ்ந்துவிடும். கோவை மில் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: மூன்று எழுத்து முன்னெழுத்து, மில்லின் பெயரும் அதுவே, ஊரில் அடையாளமும் அதுவே. மாதர் சங்க விண்ணப்பத்தில் கணவர் பெயர் கேட்கிற இடத்தில் அவள் பெயரை எழுதாமல் அந்த மூன்று எழுத்தை மட்டும் எழுதுகிறாள். புருஷன் பெயரைச் சொல்லாத காலம் என்பதால் பெயர் விட்டுப்போனது யாருக்கும் உறுத்தாது. கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு. "யாரு கட்டுனது?" என்று தலைவி கேட்கிற கேள்வி ஆங்கிலத்தில் இல்லாதது, ஆனால் இந்தக் காட்சிக்கு இதைவிடக் கூர்மையான ஆயுதம் கிடையாது.

ஒரே ஒரு இடத்தில் தமிழ்ப் பழக்கத்துக்கு வளைந்துகொடுக்கவே கூடாது. இறந்த பெண்ணுக்கு எரிக்கைக் கல்யாணம் செய்துகொள்ளும் வழி இருக்கிறது. அவள் வேண்டாம் என்கிறாள், அவனுக்குத் தன்மேல் அன்பில்லை என்று தெரிந்ததால். அவன் கொண்டுவந்த பணம் திருட்டுப் பணம் என்று தெரிந்ததும் அதையும் மறுக்கிறாள். நம் மேடையிலும் திரையிலும் இந்த நிலையில் இருக்கும் பெண் காலில் விழுந்து "எனக்கு வாழ்வு கொடுங்க" என்று கேட்டே பழக்கம். ஒத்திகையில் நடிகை முதல் தயாரிப்பாளர்வரை எல்லோரும் அப்படி மாற்றச் சொல்வார்கள். மாற்றினால் செத்தவள் பரிதாபத்துக்குரியவள் ஆவாள், அவ்வளவுதான். மறுத்தவளாக வைத்திருந்தால்தான் அந்த வீட்டில் இருப்பவர்கள் எல்லோரையும்விட அவள் உயரம் தெரியும். அவள் மேடைக்கே வராத பாத்திரம் என்பதால் அந்த உயரம் இந்த இரண்டு மறுப்புகளில் மட்டும்தான் இருக்கிறது.

சாதி? ஆங்கிலப் பெயர் வர்க்கத்தைச் சொல்லும். நம் பெயர் சாதியைச் சொல்லிவிடும், நாம் கேட்காமலே. முதலாளிக்குச் சமூகப் பட்டம் சேர்த்து ஒரு பெயர் வைத்தால் நாடகம் ஒரு சாதியின்மேல் வைத்த குற்றச்சாட்டு ஆகும், வாசலில் ஆட்கள் வந்து நிற்பார்கள். எல்லோருக்கும் பொதுவாக 'ராமசாமி' என்று வைத்து நழுவினாலும், இறந்த பெண் யார் என்ற கேள்வி அம்மாவின் வாயில் வராமல் இருக்காது. "எந்த ஊரு, என்ன ஆளுங்க?" என்று அவர் கேட்கட்டும். இன்ஸ்பெக்டர் பதில் சொல்ல வேண்டாம். மூலத்தில் இல்லாத இந்த ஒரு வரியைச் சேர்ப்பது நேர்மை என்றே நினைக்கிறேன். சேர்க்காமல் 1964 கோவையில் இந்தக் கதையைச் சொல்வது பொய்.

இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வர நியாயமான காரணம் நம் சட்டத்திலேயே இருக்கிறது. தற்கொலை என்றால் அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174ஆம் பிரிவின்படி போலீஸே விசாரணை நடத்தியது. காக்கி போடாமல் சாதாரண உடையில் வரட்டும். மூலத்திலும் சீருடை கிடையாது. "நான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான்" என்ற ஒரே வரியில் அறிமுகம் முடிந்துவிடும். எஸ்.பி. தன் கூட்டாளி என்று முதலாளி மிரட்டுவார். அந்த எஸ்.பி.க்குக் கடைசி அங்கத்தில்தான் போன் போடுவார்.

இதே நாடகம் வங்காளத்துக்கு எப்போதோ போய்விட்டது. அங்கே மேடை கண்டு, 1965இல் 'தானா தேகே ஆஸ்ச்சி' என்று திரைப்படமாகவும் வந்தது. இந்திய ஊரில் இந்தக் கதை நிற்குமா என்ற சந்தேகத்துக்கு அது பதில்.

பிறகு உரிமை. பிரீஸ்ட்லி இறந்தது 1984இல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள், அதாவது 2044 முடியும்வரை பதிப்புரிமை உண்டு. இலங்கையில் போடுவதாக இருந்தால் 70 ஆண்டுகள், 2054வரை. மொழிபெயர்க்கவும் தழுவவும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். டிக்கெட் இல்லாமல் போடும் அமெச்சூர் நிகழ்ச்சிக்குச் சட்டத்தில் ஒரு சலுகை உண்டு என்று யாராவது சொல்வார்கள். உண்டு, ஆனால் அது நிகழ்த்துவதற்கு. மாற்றி எழுதுவதற்கு இல்லை. வழக்கமான நாடக உரிமங்கள் ஒரு வரியைக்கூட மாற்ற அனுமதிப்பதில்லை என்பதால் முதல் வழிக்கு அனுமதி கிடைப்பது சுலபம், மற்ற மூன்றுக்கும் தனியாகக் கேட்க வேண்டும். கேட்கும்போது "தமிழ்ப் பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றுகிறோம்" என்று பொதுவாக எழுதினால் பதில் வர நாளாகும், வந்தாலும் கேள்வியாக வரும். மோதிரம் தட்டாகிறது, மதுக்கூடம் நாடகக் கம்பெனியாகிறது, டைட்டானிக் தனுஷ்கோடியாகிறது, பெண் இரண்டு முறை மறுப்பது அப்படியே இருக்கிறது என்று காட்சிவாரியாக எழுதி அனுப்புங்கள். அந்தக் கடிதத்தை எழுத முடியாத கட்டத்தில் வசனம் எழுத உட்காரவும் வேண்டாம். அனுமதி கிடைக்கவே இல்லை என்றால் ஷா இருக்கிறார், வைல்ட் இருக்கிறார். இருவருடைய நாடகங்களும் இந்தியாவில் இப்போது பொதுச்சொத்து.